மாடித் தக்காளி வழிகாட்டி: துணைத்தலைப்புகளைத் திருத்தி எழுதியபோது

மாடியில் தக்காளி வளர்ப்பது பற்றி நீண்ட வழிகாட்டி ஒன்று எழுதி வருகிறேன். விதை போடுவதில் தொடங்கி அறுவடை வரை போகிறது. இவ்வளவையும் வரிசையாகப் படிப்பவர்கள் குறைவு. பெரும்பாலானவர்கள் செடியில் ஏதோ கோளாறைப் பார்த்துவிட்டு, செடி பக்கத்தில் நின்றபடியே செல்போனில் பதில் தேடுபவர்கள். அவர்களுக்காக இந்த முறை துணைத்தலைப்புகளை மட்டும் எடுத்து வேலை பார்த்தேன்.

வரைவில் இருந்த தலைப்புகள் இவை: மண் கலவை, நாற்று, நீர் மேலாண்மை, ஊட்டச்சத்து, பூச்சி மேலாண்மை, அறுவடை. காயின் அடிப்பகுதி கருத்து அமுங்கியிருப்பதைப் பார்த்தவர் இதில் எதைத் திறப்பார்? பூச்சி என்று நினைத்துப் பூச்சி மேலாண்மைக்குப் போவார். உண்மையில் அது பூச்சியும் இல்லை, பூஞ்சாணமும் இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போதாமல் வருவது. அந்தச் சத்து தண்ணீரோடுதான் காய்க்கு ஏறும். தொட்டியை ஒருநாள் காயவிட்டு மறுநாள் வழிய வழிய ஊற்றினால், மண்ணில் சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. ஆக, அவருக்கான பதில் நீர் மேலாண்மையின் நடுவே ஒரு பத்திக்குள் கிடந்தது.

அதனால் கட்டுரையை இரண்டாகப் பிரித்தேன். முதல் பாதியில் செய்முறை, வரிசை எண்ணோடு. இரண்டாம் பாதியில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகள். அங்கே வரிசை முக்கியமில்லை என்பதால் எண் போடவில்லை. எண் இருந்தால் முந்தையதைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டுமோ என்று வாசகருக்குத் தோன்றும்.

அடுத்தது தலைப்பின் முதல் சொல். திரையில் மேலோட்டமாகப் படிப்பவர்களின் கண் இடது ஓரத்தை ஒட்டியே கீழே இறங்குகிறது என்பதை இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இல் வெளியிட்ட கண் நகர்வு ஆய்வு காட்டியது. என் அறிகுறித் தலைப்புகள் எல்லாமே ‘தக்காளிச் செடியில்’ என்றுதான் தொடங்கின. கட்டுரையே தக்காளி பற்றியது. அந்தச் சொல் அங்கே இடத்தைத்தான் அடைக்கிறது. அதை நீக்கி, செடியின் எந்தப் பாகம் என்பதை முன்னால் கொண்டுவந்தேன். பூ, இலை, காய், தண்டு: கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனாலும் கண் சரியான இடத்தில் நிற்கும்.

தலைப்புக்குக் கீழே முதல் வாக்கியமே பதிலாக இருக்க வேண்டும். காரணம் அதற்குப் பிறகு வரலாம். ஒரு பகுதி இப்போது இப்படி இருக்கிறது:

```
## பூ உதிர்ந்தால்: வெயிலைக் கவனியுங்கள்
மதிய வெயில் நேரடியாகப் படாமல் நிழல்வலை கட்டுங்கள்.
பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தச்
சேர்க்கை சரியாக நடக்காமல் பூ உதிரும்.
```

ஒவ்வொரு பகுதியும் தனியாக நிற்க வேண்டும் என்பதற்காக, ‘மேலே சொன்னபடி’ என்று வந்த இடங்களையெல்லாம் தேடி எடுத்தேன். நேராக நடுவில் வந்து இறங்குபவருக்கு மேலே என்ன இருந்தது என்று தெரியாது. மண்ணில் விரலை விட்டு ஈரம் பார்க்கும் முறையை இப்போது மூன்று இடங்களில் ஒவ்வொரு வரியாகச் சொல்லியிருக்கிறேன். முழுதாகப் படிப்பவருக்கு அது திரும்ப வருவதாகத் தோன்றலாம். அந்தக் குறையை ஏற்றுக்கொள்ளலாம் என்பதே என் முடிவு.

பிறகு தலைப்புகளை மட்டும் தனித்தாளில் எடுத்து எழுதி, பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தேன். அவர் செடியில் இலை சுருண்டிருந்தது. ‘வெள்ளை ஈயை விரட்ட’ என்ற தலைப்பை அவர் தாண்டிப் போய்விட்டார். “ஈ எதுவும் நான் பாக்கலையேப்பா, இலைதான் சுருண்டிருக்கு” என்றார். காரணத்தின் பெயர் தெரிந்தவர் தேடி வருவதே இல்லை. தலைப்பை ‘இலை சுருண்டால்’ என்று மாற்றினேன்.

அங்கேதான் இரண்டாம் நிலைத் தலைப்பும் தேவைப்பட்டது, ஏனென்றால் ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணங்கள். மதிய வெயிலில் மட்டும் சுருண்டு சாயங்காலம் விரிந்தால் அது வெப்பத்தால் வருவது, செடிக்கு ஆபத்தில்லை. கொழுந்து சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, விரியாமலே இருந்தால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோயாக இருக்கும். அதற்கு மருந்து இல்லை, செடியைப் பிடுங்கிவிட வேண்டியதுதான். இரண்டையும் ஒரே பத்தியில் வைத்தால், அவசரத்தில் பாதி படித்தவர் நல்ல செடியைப் பிடுங்கிப் போடுவார். ‘சாயங்காலம் விரிகிறது’, ‘விரியவே இல்லை’ என்று இரண்டு சிறு தலைப்புகளாகப் பிரித்துவிட்டேன். மற்ற இடங்களில் இரண்டாம் நிலையைத் தொடவில்லை. பத்திக்குப் பத்தி தலைப்பு வைத்தால் எதுவுமே கண்ணில் நிற்காது.

காய் வெடிப்பு இன்னும் பாக்கி. அதற்கும் தாறுமாறாகத் தண்ணீர் ஊற்றுவதுதான் பெரும்பாலும் காரணம் என்றாலும், அடி கருப்பதோடு சேர்க்காமல் தனித்தலைப்பாகவே வைக்கப் போகிறேன். வெடித்த காயைக் கையில் வைத்திருப்பவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்.