டார்ச் லைட் குழாயில் ஒரு பள்ளம்

மார்ச் 3, 2025, திங்கள்

தாத்தாவின் இரண்டு பேட்டரி டார்ச் லைட் மேசையில் கிடக்கிறது. எவர்சில்வர் குழாய், முன்னால் அகன்ற தலை, நடுவில் தள்ளிப்போடும் சுவிட்ச். இதை பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். வெர்னியர் காலிப்பரில் அளந்தால் குழாயின் விட்டம் 38 மி.மீ., நீளம் 140. சுவிட்ச் உட்காரும் பள்ளம் 12 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளம், இரண்டு முனையும் அரைவட்டம்.

32 பக்கம் உள்ள சிலிண்டர். பள்ளத்தின் வடிவில் ஒரு கட்டர், அதைக் கொண்டு குழாயிலிருந்து வெட்டியெடுக்கும் பூலியன் `Difference`. அப்புறம் பள்ளத்தின் கூர்விளிம்பை மழுக்க 0.4 மி.மீ. பெவல், மூன்று செக்மென்ட். `Limit Method` கோணம் 30 டிகிரி என்றே இருந்தது, மாற்றவில்லை. குழாயின் பக்கங்களுக்கு இடையே 11.25 டிகிரிதான் வித்தியாசம் என்பதால் அந்தக் கோடுகளைப் பெவல் தொடாது. பள்ளத்தின் விளிம்பு அதைவிடக் கூர்மையானது, அதைப் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரத்தில் முடிந்தது. சந்தோஷமாகத் தூங்கப் போனேன்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் `Shade Smooth` போட்டு, வெளிச்சம் படுவதைக் கோடுகோடாகக் காட்டும் மேட்கேப்பை மாட்டிப் பார்த்தேன். பள்ளத்தைச் சுற்றிக் கரி அப்பினாற்போல் ஒரு கறை. அதோடு விடவில்லை. பள்ளத்தின் மூலையிலிருந்து குழாயின் கடைசி வரை ஈட்டி மாதிரி ஒரு நிழல் ஓடுகிறது. வெட்டாத பின்பக்கம் மட்டும் பளிங்கு போல இருக்கிறது.

முதலில் ஃபேஸ் ஏதாவது தலைகீழாகிவிட்டதோ என்று `Face Orientation` பார்த்தேன். எல்லாம் நீலம், அதாவது சரியாகத்தான் இருக்கிறது. அருகருகே உள்ள புள்ளிகளை இணைக்கும் `Merge by Distance` போட்டுப் பார்க்கலாம் என்று கை போனது, நல்லவேளை நின்றேன். அதன் வழக்கமான அளவு 0.0001 மீட்டர், அதாவது 0.1 மி.மீ. வீடு கட்டுகிறவருக்கு அது தூசு. என் பெவலின் ஒரு செக்மென்டே ஏறக்குறைய 0.2 மி.மீ.தான். 0.01-க்கு இறக்கிப் போட்டேன். ஒரு புள்ளிகூட இணையவில்லை. ஆகவே நோய் அங்கே இல்லை.

வயர்ஃபிரேமில் நிதானமாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. 32 பக்கக் குழாய் உண்மையில் உருண்டை இல்லை, 32 தட்டையான பட்டைகள். ஒவ்வொரு வெர்டெக்ஸிலும், அதாவது முனைப்புள்ளியிலும், நார்மல் என்ற ஒரு அம்பு, பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்கிறது. பக்கத்துப் பட்டைகளின் சராசரிதான் அந்த அம்பு. அந்த அம்புகளை வைத்துத்தான் பிளெண்டர் நம் கண்ணுக்கு உருண்டையைக் காட்டுகிறது. பூலியன் வெட்டியதும் தட்டைப் பட்டையின் நட்டநடுவே புதுப் புள்ளிகள் முளைத்துவிட்டன. அவற்றின் சராசரியில் பெவல் ஃபேஸ்களும் கலப்பதால், அம்புகள் பள்ளத்துக்குள் சாய்கின்றன.

ஈட்டி நிழலுக்கும் காரணம் இதுவே. வெட்டுப்பட்ட பட்டை இன்னும் குழாயின் முழு நீளத்துக்கும் ஒரே என்-கான், பல பக்கமுள்ள ஒற்றை ஃபேஸ். வரையும்போது அது முக்கோணங்களாக உடைகிறது, ஒரு முக்கோணத்தின் ஒரு முனை பள்ளத்திலும் இன்னொரு முனை குழாயின் கடைசியிலும் போய் நிற்கிறது. சாய்ந்த அம்பின் பிழை 50 மி.மீ. தூரம் இழுபடுகிறது.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாள் தப்பு மருந்து கொடுத்ததையும் எழுதிவைக்கிறேன். `Weighted Normal` போட்டேன். தட்டையான பெட்டிக்கு அது அருமையான மருந்து: பெரிய ஃபேஸுக்குச் செல்வாக்கு அதிகம், பெவல் அதை அசைக்காது. இதே டார்ச்சின் பின்மூடிக்குப் போட்டேன், ஒரே கிளிக்கில் சுத்தம். குழாயில் போட்டால் நிலைமை மோசம். வெட்டுப்பட்ட பட்டை சின்னது, பக்கத்துப் பட்டை முழுசு. பெரியது சின்னதைத் தன் பக்கம் இழுக்கிறது, வளைவில் பட்டை பட்டையாக வெளிச்சம். வளைந்த பரப்பில் பரப்பளவை வைத்து எடை போடக் கூடாது, அவ்வளவுதான்.

பழைய வீடியோ ஒன்றில் `Auto Smooth` டிக் பண்ணச் சொன்னார்கள். 4.1 பதிப்பிலேயே அந்தப் பெட்டி போய்விட்டது, இப்போது `Smooth by Angle` என்று மாடிஃபயராக வருகிறது. அதையும் போட்டேன். கூர்மையான விளிம்பைப் பிரிக்கத்தான் அது உதவும், சாய்ந்த அம்பை நிமிர்த்தாது.

மார்ச் 8, சனி

குழாயை 96 பக்கமாக மாற்றினேன். 32 பக்கத்தில் பட்டையின் நடு, உண்மையான வட்டத்தைவிட 0.09 மி.மீ. உள்வாங்கியிருக்கும். 96-இல் அது 0.01. பள்ளத்துக்கு முன்னும் பின்னும் 3 மி.மீ. தள்ளி, குழாயைச் சுற்றி ஒவ்வொரு லூப் போட்டதும் ஈட்டி அங்கேயே நின்றுவிட்டது. பாதி நோய் போச்சு.

ஆனால் புதுத் தலைவலி. பெவல் மயிரிழைக்கு மேல் அகலவில்லை. பெவல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பார்க்கும் `Clamp Overlap` தடுக்கிறது என்று அதை எடுத்துவிட்டேன். பள்ளத்தின் நீளவாட்டில் துணி மடிந்தது போலக் கறுப்புச் சுருக்கம்.

கணக்குப் போட்டேன். ஆரம் 19, பள்ளத்தின் பாதி அகலம் 6. அப்படியென்றால் விளிம்பு 18.41 டிகிரியில் இருக்கிறது. 96 பக்கத்தில் கோடுகள் 3.75 டிகிரிக்கு ஒன்று: 15, 18.75, 22.5. ஆக விளிம்புக்கு வெளியே 0.34 டிகிரியில், அதாவது வெறும் 0.11 மி.மீ. தள்ளி, ஒரு கோடு ஓடுகிறது. 0.4 மி.மீ. பெவல் அந்தக் கோட்டைத் தாண்டி அடுத்த பட்டைமேல் ஏறிவிட்டது.

எடிட் மோடில் குழாயை மட்டும் அரைப் பக்கம், 1.875 டிகிரி, சுழற்றினேன். கட்டரைத் தொடவில்லை. இப்போது அடுத்த கோடு 20.63 டிகிரியில், 0.73 மி.மீ. தள்ளி. பெவல் தாராளமாக உட்கார்ந்தது. அரைவட்ட முனைகளில் கோட்டுக்கு மிக அருகே விழுந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளை மட்டும் கையால் இணைத்தேன். கட்டரை அங்கே இங்கே நகர்த்தி இரண்டு மணி நேரம் வீணாக்கிய பிறகு, குழாயைச் சுழற்ற ஒரு நிமிடம் ஆனது.

மார்ச் 10, திங்கள்

மீதிக் கறை. பெவலின் வெளிவரம்பில் மட்டும் மெல்லிய ஒளிவளையம் இருந்தது. அந்த அம்புகளை நானே கணக்கிட வேண்டாம், வெட்டாத குழாயிடம் கடன் வாங்கினால் போதும்.

கோப்பை ஒரு பிரதி எடுத்துவிட்டு, பூலியனையும் பெவலையும் நிலையாக்கினேன். பெவலின் வெளிவரம்பு குழாயைத் தொடும் புள்ளிகளை மட்டும் தேர்ந்து ஒரு `Vertex Group`. பள்ளத்தின் உட்சுவரைச் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் சுவரும் உருண்டை போல மின்னும். அப்புறம் `Data Transfer` மாடிஃபயர். `Source` வெட்டாத 96 பக்கக் குழாய். `Face Corner Data`-வில் `Custom Normals`, மேப்பிங் `Nearest Face Interpolated`. கீழே அந்த வெர்டெக்ஸ் குரூப்.

மேட்கேப்பின் கோடுகள் பள்ளத்தின் விளிம்பு வரை வளையாமல் வந்து, பெவலில் திரும்பி, உள்ளே இறங்கின.

இது வெளிச்சத்தை மட்டும்தான் சரிசெய்கிறது. உருவம் அப்படியே இருக்கிறது, முனையில் குழாயை நேராகப் பார்த்தால் 96 பக்கமும் எண்ணலாம். இதற்குப் பிறகு எந்தப் புள்ளியையாவது நகர்த்தினால், வாங்கிய அம்பு அங்கே பொய்யாகிவிடும். அதனால் சுவிட்ச் பொத்தானை இன்னொரு பொருளாகச் செய்து மேலே வைத்தேன். பொத்தானின் மேல் வரிப்பள்ளம் ஏழு இருக்கிறது. அதற்கு பூலியன் வேண்டாம், எக்ஸ்ட்ரூடே போதும்.