3.2 என்று எழுதியிருந்த தாள்கள்

குடமுருட்டிக் கரையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறேன். சம்பா நடவு முடிந்த வாரத்தில் வடிவொத்த முக்கோணங்கள் பாடத்தில் ஒரு தேர்வு வைத்தேன். மொத்தம் 22 தாள்கள். ஒரே மாலையில் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று மாலைகள் ஆயின. அதற்குக் காரணம் ஒரே ஒரு கணக்கு.

முக்கோணம் ABC-இல் AB = 10 செ.மீ., BC = 9 செ.மீ., AC = 8 செ.மீ. AB-இன் மேல் D என்ற புள்ளி, AC-இன் மேல் E என்ற புள்ளி. ∠ADE = ∠ACB, AD = 4 செ.மீ. எனில் AE, DE காண்க.

முதல் தாளில் AE = 3.2, DE = 3.6 என்று இருந்தது. படிகள் ஒழுங்காக இருந்தன, குறுக்குப் பெருக்கலில் பிழையில்லை. சரி என்று குறியிட்டேன். அடுத்த இரண்டு தாள்களிலும் அதே விடை. நான்காவது தாளில் ஒரு மாணவி 5, 4.5 என்று எழுதியிருந்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வியை மறுபடி படித்தேன். அவள் எழுதியதுதான் சரி.

கோணம் D, கோணம் C-க்குச் சமம். A இரண்டுக்கும் பொது. ஆகவே △ADE ~ △ACB. D-க்கு இணையாக C-யையும், E-க்கு இணையாக B-யையும் வரிசையில் எழுத வேண்டும். அப்படி எழுதினால்:

AD/AC = AE/AB = DE/CB
4/8 = AE/10 = DE/9

இதிலிருந்து AE = 5, DE = 4.5. 3.2 எழுதிய பிள்ளைகளோ △ADE ~ △ABC என்று எழுதி, AD-ஐ AB-உடன் சேர்த்து 4/10 என்ற விகிதத்தில் போயிருந்தார்கள். DE, BC-க்கு இணை என்று கேள்வியில் எங்குமே சொல்லவில்லை. ஏன் இப்படி எழுதினாய் என்று ஒருவனைக் கேட்டேன். “AD-யும் AB-யும் ஒரே கோட்டில்தானே இருக்கின்றன, சார்?” என்றான். பிழையின் வேர் அதுதான். ஒரே கோட்டில் கிடப்பதாலேயே இரண்டும் ஒத்த பக்கங்கள் ஆகிவிடுவதில்லை. சமமான கோணங்களுக்கு எதிரே இருப்பவையே ஒத்த பக்கங்கள்.

3.2 என்ற விடையைப் பார்த்தவுடன் பிழை என்று தெரியாது. அது AC-ஐவிடச் சிறியது, படத்துக்குள் அடங்குகிறது. அதைப் பிடிக்க நான் வைத்துக்கொண்ட சோதனை இது: பெரிய கோணத்துக்கு எதிரே பெரிய பக்கம் இருக்க வேண்டும். ABC-இல் மிகப் பெரிய பக்கம் AB, எனவே C-தான் பெரிய கோணம். D அதற்குச் சமம் என்பதால் சிறிய முக்கோணத்தில் D-க்கு எதிரே உள்ள AE மிகப் பெரிதாக இருக்க வேண்டும். 4, 4.5, 5 என்ற விடையில் அப்படியே இருக்கிறது. 3.2 எழுதிய தாள்களில் AE மூன்றிலும் சிறியது. AB-யும் AC-யும் சமமாக இருந்தால் மட்டும் இந்தச் சோதனைக்கு வேலை இல்லை. அங்கே இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும்.

பிள்ளைகளுக்குக் காகிதத்தில் காட்டினேன். ADE-ஐ வெட்டியெடுத்து, அப்படியே புரட்டி, A-யின் மேல் A பொருந்த வைத்தோம். D போய் AC-இன் நடுவில் விழுந்தது, E போய் AB-இன் நடுவில் விழுந்தது. இப்போது DE, BC-க்கு இணையாகக் கிடந்தது. கேள்வி கேட்டவன் அதை இரண்டு முறை புரட்டிப் பார்த்தான்.

விகிதத்தைத் தலைகீழாக்கியவர்களைத் தனியாகப் பிரித்தேன். இருவர் 8/4 = 10/AE என்று எழுதியிருந்தார்கள். இரு பக்கமும் பெரியதன் கீழ் சிறியது; விடை 5 சரியாகவே வரும். என் விடைக்குறிப்போடு பொருந்தவில்லை என்று முதலில் அடித்திருந்தேன். முழு மதிப்பெண்ணைத் திரும்பக் கொடுத்தேன். ஒருவன் மட்டும் 4/8 = 10/AE என்று ஒரு பக்கத்தை மட்டும் கவிழ்த்து, AE = 20 என்று முடித்திருந்தான். 8 செ.மீ. கோட்டின் மேல் 20 செ.மீ. கிடக்காது என்பதால் அதைக் கண்டுபிடிப்பது எளிது.

நிழல் கணக்கில் இவ்வளவு எளிதாகத் தெரியாது. சனிக்கிழமை மூன்று மணி வாக்கில் வாய்க்கால் கரைத் தென்னையை அளக்கப் போனோம். 1.5 மீட்டர் கழியின் நிழல் 2 மீட்டர், மரத்தின் நிழல் 16 மீட்டர். அதே பையன் 1.5/2 = 16/h என்று வைத்து, மரம் 21 மீட்டருக்குச் சற்று மேல் என்றான். தென்னை அந்த உயரத்துக்கும் வளரும் என்பதால் யாரும் மறுக்கவில்லை. கழியையும் அதன் நிழலையும் பார்க்கச் சொன்னேன். கழி தன் நிழலைவிடக் குட்டை. அதே வெயிலில் நிற்கும் மரம் மட்டும் தன் நிழலைவிட நெட்டையாக எப்படி இருக்கும்? கொஞ்ச நேரம் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தவன், எழுதியதை அடித்துவிட்டு 12 என்று எழுதினான்.