1,250 ரூபாய் எங்கே?

"தங்கச்சி, வித்தது ஐம்பதாயிரம். பேங்குக்கு வந்தது 48,750. மிச்சம் எங்க?"

வெள்ளவத்தைப் புடவைக்கடை அண்ணா இன்று காலை வங்கிக் கூற்றைக் காட்டிக் கேட்டார்.

அது அட்டை இயந்திரத்துக்காக வங்கி கழித்துக்கொண்ட 2.5 சதவீதத் தரகு. முன்பு கணக்கு எழுதியவர் வங்கிக்கு வந்த தொகையையே விற்பனையாகப் பதிந்திருந்ததால், விற்பனையும் குறைந்து, தரகு என்ற செலவும் கண்ணில் படாமலே போயிருந்தது.

இணையவழி மென்பொருளில் 'அட்டை வரவு' என்று ஓர் இடைக்கணக்குத் திறந்து, 50,000 ரூபாய் விற்பனையை முழுதாக அதில் ஏற்றி, வங்கிக்கு வந்ததையும் தரகையும் அதிலிருந்து கழித்தேன், மீதி பூச்சியம். மாத முடிவில் அங்கே ஏதேனும் மீதி நின்றால், ஒன்றில் பணம் இன்னும் வந்து சேரவில்லை, அல்லது ஏதோவொரு பதிவு விடுபட்டிருக்கிறது.

கணக்கு எழுத நான் வாங்கும் மாதக் கட்டணத்துக்குள் அடங்குபவற்றை அவருக்கு எழுத்தில் கொடுத்தேன்: ஒரு வங்கிக் கணக்கு, ஓர் அட்டை இயந்திரம், 150 பதிவுகள் வரை, 5ஆம் திகதிக்குள் பற்றுச்சீட்டுப் படங்கள் வந்தால், 12ஆம் திகதி இலாப நட்ட அறிக்கை. சரக்கிருப்பு எண்ணுவதும் வரி விபரத்திரட்டும் இதற்குள் அடங்கா. இதைச் சொல்லாமல் விட்டு, மனக்கசப்போடு பிரிந்த ஒரு கடையை நான் இன்னும் மறக்கவில்லை.

அண்ணா இரண்டு முறை வாசித்தார்.

"இருப்பை நானே எண்ணித் தாறன்" என்று சொல்லிக் கையொப்பமிட்டார்.