துரு எங்கே நிற்கிறது?

பாகூர் ஏரிப் பாசனத்தில் ஒரு ஏக்கருக்குச் சற்று மேல் நஞ்சை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், நெல்லை விட்டுப் பலா வைக்கலாமா என்று கேட்டு நான் வேலை செய்த மண் ஆய்வு அலுவலகத்துக்கு வந்தார். பண்ருட்டியில் பெண் கொடுத்திருந்ததால் சம்பந்தி வீட்டுப் பலாத்தோப்பைப் பார்த்து அவருக்கு அந்த ஆசை வந்திருந்தது. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் மழைநீர் நிற்காமல் இறங்கிவிடும். பாகூர் நஞ்சை அப்படிப்பட்டதல்ல. வேரில் நீர் தேங்கினால் பலா தாங்காது என்பதால், அவருடைய கேள்வி உண்மையில் வடிகாலைப் பற்றிய கேள்விதான்.

ஏப்ரல் மாதத்தில் என் சக ஊழியர் அந்த நிலத்தில் மேட்டுப் பக்கம் ஒன்றும், வாய்க்காலை ஒட்டிய பள்ளப் பக்கம் ஒன்றுமாக இரண்டு குழிகள் வெட்டி, மண் அடுக்குகளின் விவரத்தை எழுதி வந்தார். அந்த மாதத்தில் வயல் வெடித்துக் கிடக்கும். மழைக்காலத்தில் நீர் எதுவரை நின்றது என்று அப்போது கண்ணுக்குத் தெரியாது. மண்ணின் நிறம்தான் சொல்ல வேண்டும். இரண்டு தாள்களிலும் உழவடுக்குக்குக் கீழே உள்ள அடுக்குக்கு ஒரே வரி எழுதப்பட்டிருந்தது:

```
10YR 5/2, c2p 7.5YR 5/6
```

இதில் 10YR என்பது மன்செல் நிற அட்டைப் புத்தகத்தின் பக்கம், அதாவது மஞ்சள் கலந்த பழுப்புச் சாயல். 5 என்பது நிறம் எவ்வளவு வெளிர் என்பதையும், 2 என்பது எவ்வளவு செறிவு என்பதையும் குறிக்கும். வடிகாலைப் பார்க்கிறவர் முதலில் தேடுவது இந்தக் கடைசி எண்ணைத்தான். அது 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் மண் சாம்பல் பூத்திருக்கிறது என்று பொருள். அடுத்து வருவது துருப்புள்ளிகளின் விவரம்: c என்றால் பரப்பில் 2 முதல் 20 சதவீதம் வரை புள்ளிகள், 2 என்றால் ஒவ்வொன்றும் 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவு, p என்றால் சுற்றியுள்ள நிறத்திலிருந்து எடுப்பாகத் தெரிபவை. வரியின் கடைசியில் உள்ள 7.5YR 5/6 அந்தப் புள்ளிகளின் நிறம்.

சாம்பல் நிறமும் துருவும் சேர்ந்து வருவதற்குக் காரணம் இரும்பு. மண் நீரில் மூழ்கிக் காற்று தீர்ந்ததும், அங்குள்ள நுண்ணுயிர்கள் வேர்க்கழிவு போன்ற மக்குப் பொருளைத் தின்னும்போது இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. மண் துகள்களுக்குப் பழுப்புப் பூச்சாக இருந்த இரும்பு கரைந்து விலகுவதால் களியின் சொந்தச் சாம்பல் நிறம் வெளியே தெரிகிறது. கரைந்த இரும்பு காற்றுள்ள இடத்தை அடைந்ததும் மறுபடியும் துருவாகப் படிகிறது. ஆக, துரு இருக்கும் இடம் காற்று இருந்த இடம். சாம்பல் இருக்கும் இடம் காற்று இல்லாமல் போன இடம்.

இதெல்லாம் தெரிந்திருந்தும், மேசையில் உட்கார்ந்தபடியே இரண்டு குழிகளுக்கும் "வடிகால் மோசம், பலா கூடாது" என்று நான் எழுதிக் கொடுத்தேன். பெரியவர் அதைப் படித்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "சார், மேட்டுக் கொல்லையில தண்ணி கட்டுறதை நிறுத்தினா மூணு நாள்ல காய்ஞ்சிடும். பள்ளத்துல தை மாசம் வரைக்கும் கால் புதையும். ரெண்டையும் ஒண்ணுன்னு எழுதியிருக்கீங்களே?" அவர் சொன்னது சரியாக இருந்தால் தாளில் ஏதோ விடுபட்டிருக்க வேண்டும். மறுநாள் அட்டைப் புத்தகமும் தண்ணீர்ப் புட்டியுமாக நானே குழியில் இறங்கினேன்.

மேட்டுக் குழியின் சுவரிலிருந்து ஒரு மண்கட்டியைப் பெயர்த்து எடுத்தேன். அதன் வெளிமுகம் தாளில் இருந்தபடியே 10YR 5/2. அதைக் கையால் உடைத்து, நிறம் மேலும் மாறாத அளவுக்கு நனைத்து, வெயில் முதுகுப்பக்கமாக விழும்படி நின்று அட்டையோடு ஒப்பிட்டபோது, உள்ளே 10YR 4/3, நல்ல பழுப்பு. துருப்புள்ளிகளும் கட்டியின் உள்ளேயே இருந்தன. சாம்பல் என்பது வெளிமுகத்திலும் பழைய வேர்த்துளைகளின் ஓரத்திலும் மெல்லிய தோலாகத்தான் இருந்தது. சக ஊழியர் கட்டியை உடைக்காமல் வெளிமுக நிறத்தையே அடுக்கின் நிறமாக எழுதியிருந்தார். அது எந்த இடத்து நிறம் என்று தாளைப் படித்த நானும் கேட்கவில்லை.

பள்ளக் குழியில் எல்லாம் தலைகீழாக இருந்தது. கட்டியை உடைத்தால் உள்ளே சாம்பல். துரு முழுவதும் வேர்த்துளைகளின் சுவரிலும் வெடிப்புகளின் ஓரத்திலும் குழாய் போலப் படிந்திருந்தது. 90 சென்டிமீட்டருக்குக் கீழே களி நீலம் பாய்ந்த சாம்பலாக இருந்தது. வெட்டி வெளியே போட்ட கட்டி, நாங்கள் மதியச் சோறு உண்டு முடிப்பதற்குள் பழுப்பேறத் தொடங்கியது. கரைந்த இரும்பு அதில் இன்னும் இருந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

மேட்டில் நீர் மேலிருந்து வருகிறது. பல காலமாகத் தொளி அடித்ததில் 14 முதல் 24 சென்டிமீட்டர் வரை கெட்டிப்பட்ட ஓர் அடுக்கு உருவாகி, நீரை மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறது. அதைத் தாண்டிக் கசியும் நீர் வெடிப்புகளையும் துளைகளையும் மட்டும் நனைப்பதால் அவற்றின் ஓரம் வெளுக்கிறது. கட்டியின் உள்ளே சிக்கிய காற்று அங்கே துருவை நிறுத்துகிறது. 60 சென்டிமீட்டருக்குக் கீழே புள்ளியே இல்லாத பழுப்பு மண். அங்கே வடிகால் நன்றாகவே இருக்கிறது. பள்ளத்திலோ நிலத்தடி நீர் கீழிருந்து ஏறிக் கட்டி முழுவதையும் மூழ்கடிக்கிறது. நீர் இறங்கும்போது காற்று முதலில் துளைகள் வழியாக நுழைவதால் துரு அங்கே படிகிறது. முன்னதை உளிக்கலப்பையால் சரிசெய்யலாம். பின்னதை எந்தக் கலப்பையாலும் சரிசெய்ய முடியாது.

நிறத்தை நம்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. கடலூர் கேப்பர் மலைப் பக்கம் வெட்டிய சரிவுகளில் சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுகள் தெரியும். அவை அந்த மணற்பாறைக்கே உரிய பழைய நிறங்கள். இன்றைய நீர்த்தேக்கத்தைச் சொல்பவை அல்ல. வயலிலும், வடிகால் வெட்டிய பிறகு பழைய துரு அப்படியே தங்கிவிடலாம். ஓரம் மங்கிச் சுற்று மண்ணோடு கலந்திருக்கும் புள்ளி பெரும்பாலும் இன்றும் வளர்வது. கத்தியால் வெட்டியது போன்ற கூரிய ஓரம் கொண்டது பழையதாக இருக்கலாம். நீர் எத்தனை நாள் நின்றது என்பதை இரண்டுமே சொல்லாது.

அதனால் பெரியவரிடம் பழைய அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரு மழைக்காலம் பொறுக்கச் சொன்னேன். அக்டோபரில், மழை பிடிப்பதற்கு முன், இரண்டு இடங்களிலும் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்களை ஜோடியாக இறக்கினோம். ஒன்று கெட்டி அடுக்கின் மேலேயே நின்றுவிடும். மற்றது ஒரு மீட்டர் ஆழம் போகும், அடிப்பகுதியில் மட்டும் துளைகள் இருக்கும். ஆழக் குழாயைச் சுற்றி மேல்பகுதியைக் களியால் இறுக அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே நிற்கும் நீர் குழாயின் ஓரமாகவே கீழே இறங்கி, இல்லாத நிலத்தடி நீரைக் காட்டிவிடும்.

நவம்பர் நடுவில் மேட்டின் குட்டைக் குழாயில் நீர் நின்றது, ஆழக் குழாய் உலர்ந்திருந்தது. பள்ளத்தில் இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நின்றது. அடுத்த கோடையில் பெரியவர் மேட்டுப் பாதியை உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்குமாக அரை மீட்டர் இடைவெளியில் உழுது, மழை வந்ததும் மேடு கட்டிப் பலாக்கன்று வைத்தார். பள்ளப் பாதியில் நெல்லே தொடர்கிறது. எங்கள் தாளில் துருப்புள்ளி வரிக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு கட்டம் இருக்கிறது: "துரு எங்கே: கட்டியின் உள்ளேயா, துளையின் ஓரத்திலா?" அது நிரப்பப்படாமல் வரும் தாளை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.