மூன்றாவது பில்லை நான் திறக்கவில்லை

தங்கள் தளத்தில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்குச் சில நிறுவனங்கள் பரிசு தருகின்றன, இதற்குப் பக் பவுண்டி என்று பெயர். அதில் என் முதல் ரிப்போர்ட் இருபது நிமிடத்தில் மூடப்பட்டது. ஒரு தளத்தின் பதிலில் சர்வர் மென்பொருளின் பதிப்பு எண் தெரிந்தது, அதைப் பெரிய ஓட்டை என்று எழுதி அனுப்பியிருந்தேன். "இதை வைத்து ஒருவர் என்ன செய்ய முடியும்?" என்று கேட்டு மூடிவிட்டார்கள். அந்த நிறுவனத்தின் விதிமுறைப் பக்கத்திலேயே, இதையெல்லாம் ஏற்க மாட்டோம் என்ற பட்டியலில் அது இருந்தது. நான்தான் பரிசுத் தொகை அட்டவணையை மட்டும் படித்திருக்கிறேன்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து அதுவரை நான் செய்ததெல்லாம் ஓட்டைகளைத் தானாகத் தேடும் ஸ்கேனரை ஓட்டியதுதான். பாண்டியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார்: "டூலை எல்லாம் மூடி வை. ஒரு பட்டனை அழுத்தினால் பிரவுசர் என்ன அனுப்புது, சர்வர் என்ன திருப்பி அனுப்புது, அதை மட்டும் ஒரு மாசம் பாருடா." அப்படியே செய்தேன். பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே போவதைப் பிடித்துக் காட்டும் பர்ப் சூட் மென்பொருளின் இலவசப் பதிப்பை நடுவில் வைத்து, ஒவ்வொரு கோரிக்கையையும் வாசித்தேன். அதைத் தயாரிக்கும் போர்ட்ஸ்விக்கர் நிறுவனத்தின் வெப் செக்யூரிட்டி அகாடமி என்ற இணையப் பயிற்சித் தளமும் இலவசம். அதில் அணுகல் கட்டுப்பாடு பற்றிய பயிற்சிகளை மட்டும் முடித்தேன். நீ யார் என்று சரிபார்ப்பது வேறு, இதைப் பார்க்க உனக்கு உரிமை உண்டா என்று சரிபார்ப்பது வேறு என்பது அப்போதுதான் உறைத்தது. லாகின் முதல் கேள்விக்கு மட்டுமே பதில். இரண்டாவதை ஒவ்வொரு பக்கமும் தனியாகக் கேட்க வேண்டும்; ஏதாவது ஒரு பக்கத்தில் மறந்துவிடுவார்கள்.

அடுத்து எடுத்தது, சிறு கடைகள் பில் போடும் ஒரு மென்பொருள். இந்தத் தடவை விதிகளை முழுசாகப் படித்தேன். எந்த முகவரிகளைச் சோதிக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். சொந்தக் கணக்குகளை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்றும் இருந்தது. சரி என்று இரண்டு மின்னஞ்சல்களில் இரண்டு கடைகளை உருவாக்கினேன். ஒன்று சாதாரண ஜன்னலில், மற்றது பிரைவேட் ஜன்னலில். கடைக்கு ஒரு பில். எண்கள் 48213, 48219.

லாகின் செய்தவர் யார் என்று சர்வருக்குக் காட்டும் குக்கி, முதல் கடையுடையதை வைத்து இரண்டாவது கடையின் பில்லைக் கேட்டேன். 403, அனுமதி இல்லை. சரியாகத்தான் இருந்தது. பலர் இங்கேயே விட்டுவிடுவார்கள். பிடிஎஃப் இறக்கும் கோரிக்கை தனியாகப் போவதைக் கவனித்திருந்ததால் அதையும் மாற்றிப் பார்த்தேன்:

```
GET /api/invoices/48219/pdf HTTP/1.1
Cookie: session=<முதல் கடையின் குக்கி>
```

200 வந்தது, அதாவது கேட்டதைக் கொடுத்துவிட்டது. 200 வந்தாலே ஓட்டை என்று குதிக்கக் கூடாது. வெற்றுக் கோப்போ என் சொந்த பில்லோ கூட வரலாம். திறந்து பார்த்தேன். இரண்டாவது கடையின் பெயரும் நான் போட்ட போலி வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் இருந்தன.

48214-ஐயும் திறந்து பார்க்க கை பரபரத்தது. அது யாரோ ஒரு நிஜக் கடைக்காரருடையதாக இருக்கலாம். விதிமுறை தரும் பாதுகாப்பு அது அனுமதித்த அளவுக்கு மட்டும்தான். அதைத் தாண்டினால், அனுமதியில்லாமல் பிறர் கணினியில் நுழைவது, தகவல் எடுப்பது பற்றிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் இருக்கின்றன. தவிர, நிரூபிக்க அது தேவையே இல்லை. எண்கள் வரிசையாக ஏறுகின்றன என்பதற்கு என் இரண்டு பில் எண்களே போதும்.

ரிப்போர்ட்டில் இரண்டு கணக்குகளின் விவரம், படிகள், கோரிக்கை, ஒரு ஸ்கிரீன்ஷாட், "எண்ணை மாற்றினால் பிற கடைகளின் வாடிக்கையாளர் விவரம் கிடைக்கும்" என்ற ஒரு வரி எழுதினேன். நான்கு நாள் கழித்து, எங்களுக்கு அந்தக் கோப்பு வரவில்லை, அப்படி ஒன்று இல்லை என்று 404 வருகிறது என்று நிறுவனத்திடமிருந்து பதில் வந்தது.

எரிச்சலாக இருந்தது. அப்புறம் புதிதாக மூன்றாவது கணக்கு திறந்து, நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து செய்து பார்த்தேன். எனக்கும் 404! உரிமையாளர் ஒருமுறையாவது பிடிஎஃப் பட்டனை அழுத்தினால்தான் அந்தக் கோப்பே உருவாகிறது. முதலில் நான் அறியாமலே அழுத்தியிருந்தேன், எழுதவில்லை. அந்தப் படியைச் சேர்த்து, உரிமையாளர் இறக்கிய பில்களுக்கு மட்டுமே இந்தப் பாதிப்பு என்ற வரம்பையும் ஒளிக்காமல் எழுதினேன். மறுநாள் ஏற்றுக்கொண்டார்கள்.

சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. மறுபடி சோதிக்கச் சொன்னார்கள், 403 வந்தது. பரிசு 300 டாலர். வரிப் படிவத்தை நிரப்பி, வங்கிக்குப் பணம் வந்து சேர மேலும் சில நாட்கள்.

அதே மென்பொருளின் எக்செல் ஏற்றுமதியிலும் இதே தவறு இருந்தது. உடனே எழுதி அனுப்பினேன். எனக்கு இரண்டு நாள் முன்பே வேறொருவர் சொல்லிவிட்டார் என்று மூடிவிட்டார்கள்.