மாவுக் கடைக்குப் போன செய்திக்குறிப்பு

கோவை ஆவாரம்பாளையத்தில் வெட்கிரைண்டர் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் விளம்பரப் பணிகளைக் கவனித்துவந்த காலத்தில், அவர்களுடைய புதிய இயந்திரத்தின் அறிமுகச் செய்தியைப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. 2022 ஜூலையில் வெட்கிரைண்டருக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. நிறுவனத்தின் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு செய்திக்குறிப்பு தயாராக இருந்தது. 'இந்தியாவிலேயே முதன்முறையாக, உலகத்தரம் வாய்ந்த அதிநவீன தொழில்நுட்பத்துடன், 30 சதவீத மின் சேமிப்பு' என்று தொடங்கி, விழாவில் குத்துவிளக்கேற்றப்போகிறவர்கள், வரவேற்புரை, நன்றியுரை என்று ஒன்றரைப் பக்கம் நீண்டது. இயந்திரம் என்ன செய்யும் என்பது கடைசிப் பத்தியில் ஒரு வரியாக இருந்தது.

இப்படிப்பட்ட குறிப்புகள் செய்தியறைக்கு நாள்தோறும் வருகின்றன. அவற்றைப் படிக்கும் நிருபர் தேடுவது ஒன்றே ஒன்று: தம் பதிப்பின் வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது, அதைத் தாமே சரிபார்த்துக்கொள்ள முடியுமா என்பது. வெட்கிரைண்டர் பிறந்த ஊர் கோவை. 'கோயம்புத்தூர் வெட்கிரைண்டர்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. இந்த ஊர் நிருபர்களிடம் 'முதன்முறையாக' என்று சொன்னால், 'யார் சொன்னது?' என்ற கேள்வி உடனே வரும், பக்கத்துத் தெருவிலேயே போட்டி நிறுவனம் இருக்கும். ஆகவே அந்தச் சொல்லை முதலில் எடுத்தேன். உரிமையாளருக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மிச்சமிருந்தது 30 சதவீத மின் சேமிப்பு. அது உண்மையா என்பதைவிட, யாருக்கு உண்மை என்பதே எனக்கு முக்கியமாகப்பட்டது. வீட்டில் பயன்படும் மேசைக் கிரைண்டர் ஏறத்தாழ 150 வாட் மோட்டாரில் ஓடுகிறது. நாள்தோறும் அரைமணி நேரம் அரைத்தாலும் மாதத்துக்கு இரண்டேகால் யூனிட்டைத் தாண்டாது. அதில் 30 சதவீதம் என்றால் முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசமாகக் கிடைக்கும் மாநிலத்தில் இதைத் தலைப்பாகக் கொடுத்தால், கணக்குத் தெரிந்த எந்த நிருபரும் சிரித்துவிடுவார். ஆனால் நிறுவனம் அந்தச் சேமிப்பைத் தரும் பிரஷ் இல்லாத டிசி மோட்டாரைப் பத்து லிட்டர் சாய்க்கும் கிரைண்டரிலும் பொருத்தியிருந்தது. அதை வாங்கப்போகிறவர்கள் ஓட்டல்காரர்களும், தெருவுக்கு ஒன்றாகப் பெருகிவிட்ட இட்லி மாவுக் கடைக்காரர்களும். அவர்களுடைய இயந்திரம் நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் ஓடுகிறது, மின்கட்டணமும் வணிகக் கட்டணம்.

செய்தி அங்கேதான் இருக்கிறது என்று முடிவானதும், நிறுவனத்தின் பொறியாளரை அழைத்துக்கொண்டு கணபதி பகுதியிலுள்ள ஒரு மாவுக் கடைக்குப் போனோம். கடையிலிருந்த பழைய கிரைண்டரில் பெல்ட் தளர்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. அதோடு ஒப்பிட்டால் சேமிப்பு நாற்பது சதவீதத்தைத் தாண்டும், ஆனால் அது நியாயமான ஒப்பீடு ஆகாது என்று பொறியாளரே சொன்னார். வழக்கமான ஒரு குதிரைத்திறன் மோட்டாருடன் புதிய கிரைண்டர் ஒன்றை வரவழைத்து, அதிலும் நிறுவனத்தின் இயந்திரத்திலும் ஒரே அளவு அரிசியை ஒரே நேரம் ஊறவைத்து, ஒவ்வோர் ஈட்டுக்கும் ஆன மின்சாரத்தை மீட்டரில் அளந்தோம். வழக்கமான மோட்டார் ஆயிரம் வாட்டை ஒட்டி எடுத்தது, டிசி மோட்டார் எழுநூறு. நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் மிச்சம் 1.8 யூனிட், மாதத்துக்கு 54 யூனிட். யூனிட் ஒன்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 486 ரூபாய். புதிய இயந்திரம் ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதல் விலை என்பதால், அந்தக் கூடுதல் பணம் திரும்பிவர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆகும்.

ஒன்றரை ஆண்டு என்பதைக் குறிப்பில் எழுதக்கூடாது என்று விற்பனைப் பிரிவு வாதாடியது. நான் எழுத வேண்டும் என்றேன். நாம் சொல்லாவிட்டால் நிருபர் கால்குலேட்டரைத் தட்டிக் கண்டுபிடிப்பார், அப்போது அது மறைக்கப்பட்ட குறையாகத் தோன்றும். நாமே சொன்னால் குறிப்பிலுள்ள மற்ற எண்களுக்கும் நம்பகம் வந்துவிடும். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் நாளாகும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தோம்.

திருத்திய குறிப்பின் முதல் பத்தி இப்படி அமைந்தது: 'இட்லி மாவுக் கடைகள் ஒரு கிரைண்டருக்கு மாதம் 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரத்தை மிச்சப்படுத்த உதவும் புதிய மோட்டார் பொருத்திய பத்து லிட்டர் வெட்கிரைண்டரைக் கோவை ஆவாரம்பாளையம் நிறுவனம் திங்கள்கிழமை அறிமுகப்படுத்துகிறது. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் ஓட்டும் கடையில் அளந்த கணக்கு இது.' அடுத்த பத்தியில் அளந்த முறை, அதற்கடுத்து ஜிஎஸ்டி உள்பட விலை, எங்கே கிடைக்கும், உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பவை. பிறகு உரிமையாளர் சொன்னதாக ஒரு வாக்கியம், மாவுக் கடைக்காரர் சொன்னதாக ஒரு வாக்கியம். நிறுவனத்தின் வரலாறு கடைசியில் மூன்றே வரி. இந்த வரிசைக்குக் காரணம் எளிமையானது: இடம் போதாவிட்டால் உதவி ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். எந்தப் பத்திக்குப் பிறகு வெட்டினாலும் மிஞ்சுவது முழுச் செய்தியாக நிற்க வேண்டும். ஆங்கில நாளிதழ்களின் வணிகப் பக்கத்துக்கு மோட்டாரை முன்னிறுத்தித் தனியாக ஓர் ஆங்கிலக் குறிப்பு எழுதினேன். எண்கள் இரண்டிலும் ஒன்றுதான்.

எழுதி முடித்ததை அனுப்பும் விதத்திலும் பல நல்ல செய்திகள் வீணாகின்றன. லெட்டர்பேடில் அச்சடித்துக் கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக அனுப்புவது நிறுவனங்களுக்குக் கௌரவமாகத் தெரிகிறது. மாலை ஏழு மணிக்கு அதைப் பெறும் உதவி ஆசிரியருக்கோ அதை முழுவதும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும் என்று பொருள், அவர் செய்யமாட்டார். பழைய எழுத்துருவில் அடித்த தமிழும் அப்படியே; வேறு கணினியில் திறந்தால் பெட்டி பெட்டியாகவோ, பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவோ தெரியும். எனவே யூனிகோடில் அடித்து, மின்னஞ்சலின் உடலிலேயே ஒட்டி, வேர்ட் கோப்பையும் இணைத்தேன். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அச்சில் மங்கும். ஆவணமாக அனுப்பினால் சிதையாது. படத்தில் சால்வையும் பூங்கொத்தும் வேண்டாம் என்று சொல்லி, மாவுக் கடைக்காரர் கிரைண்டரைச் சாய்த்து மாவை வழிக்கும் படத்தை எடுத்தோம். நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகப் படக்குறிப்பில் எழுதி, கோப்பின் பெயரிலும் அதையே இட்டேன்.

அலுவலகப் பொது மின்னஞ்சலுக்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. தொழில் செய்திகளை யார் பார்க்கிறார்கள், மாநகரச் செய்திகளை யார் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு தனித்தனியாகப் பேச வேண்டும். காலையில் அவர்கள் கலெக்டர் அலுவலகத்திலோ மாநகராட்சியிலோ நிற்பார்கள். மாலை ஐந்துக்குப் பிறகு செய்தி அடித்துக்கொண்டிருப்பார்கள். மதியம் இரண்டு மணியை ஒட்டிப் பேசினால் காது கொடுப்பார்கள். ஒரு மூத்த நிருபரிடம் நான் பேசத் தொடங்கியதும், "கம்பெனி பொருள்னா விளம்பரப் பிரிவுக்குப் பேசுங்க சார், எங்ககிட்ட வேண்டாம்" என்றார்.

"பொருளை விடுங்க சார். மாவுக் கடைக்காரங்க கரண்ட் பில்லைப் பத்தி ஒரு கணக்கு வச்சிருக்கோம். கடையிலயே மீட்டர் போட்டு அளந்தது. நீங்க வந்து அளந்து பார்த்துட்டு, சரியில்லேன்னா போட வேண்டாம்" என்றேன்.

சற்று அமைதிக்குப் பின், "எந்தக் கடை?" என்று கேட்டார். கடையின் இடத்தையும் கடைக்காரரிடம் கேட்டு வைத்திருந்த நேரத்தையும் சொன்னேன். மறுநாள் புகைப்படக்காரருடன் வந்து, எங்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் தனியாகப் பேசினார். அப்படித்தான் பேச வேண்டும். கூடவே நின்று எடுத்துக்கொடுக்க முயலும் நிறுவன ஆட்களைக் கண்டால் நிருபர்களுக்கு எரிச்சல் வரும்.

திங்கள்கிழமை பத்திரிகையாளர் சந்திப்பைக் காலை பதினொரு மணிக்கு வைத்தோம். மாலை நாளிதழ்களுக்கு அந்த நேரம் தாமதம் என்பதால் அவர்களுக்குக் குறிப்பை முன்கூட்டியே கொடுத்திருந்தோம். சந்திப்பில் உணவு உண்டு, பணம் வைத்த உறை கிடையாது என்று உரிமையாளரிடம் முன்பே பேசி முடித்திருந்தேன். உறை கொடுத்தால் நல்ல நிருபர்கள் மறுமுறை வரமாட்டார்கள், வருகிறவர்களை நம்பிப் பயனில்லை.

எனக்கு அச்சம் வேறொரு கேள்வியைப் பற்றி இருந்தது. அது எதிர்பார்த்தபடியே வந்தது: "18 சதவீத ஜிஎஸ்டியால விற்பனை எவ்வளவு குறைஞ்சிருக்கு?" கிரைண்டர் உற்பத்தியாளர் ஒருவரைப் பிடித்தால் அந்தச் சமயத்தில் எந்த நிருபரும் கேட்கக்கூடிய கேள்வி அது, கேட்பதும் அவர் கடமை. உரிமையாளர் அங்கே மனம் திறந்து அரசைச் சாடினால் மறுநாள் தலைப்பு அதுவாகிவிடும், இயந்திரம் எட்டாவது வரிக்குப் போகும். மழுப்பினாலும் தவறு. வரி பற்றி இரண்டு வாக்கியம் உண்மையாகச் சொல்லிவிட்டு, தொழில் முழுவதற்குமான கருத்தைச் சங்கத்தினரிடம் கேட்டுக்கொள்ளும்படி சொல்லலாம் என்று முன்தினமே ஒத்திகை பார்த்திருந்தோம். அவரும் அப்படியே சொன்னார். இருந்தும் ஒரு நாளிதழ் வரி விஷயத்தையே தலைப்பாக்கியது. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மற்றவற்றில், கடைக்கு வந்த மூத்த நிருபரின் செய்தி மாநகரப் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்தில் படத்துடன் வந்தது. தலைப்பில் மாவுக் கடை இருந்தது. உள்ளே 'கோவையைச் சேர்ந்த தனியார் நிறுவனம்' என்று மட்டும் இருந்தது. பல தமிழ் நாளிதழ்களில் வழக்கம் இதுதான்: வணிகப் பெயரைப் போட்டால் விளம்பரமாகிவிடும் என்று எடுத்துவிடுவார்கள். இது நடக்கும் என்று கருதித்தான், உரிமையாளர் பெயரைப் பதவியோடு அவருடைய மேற்கோளில் வைத்திருந்தேன்; மேற்கோளை வெட்டினால் செய்தியில் பேசுகிறவரே இல்லாமல் போவார் என்பதால் அது தப்பியது. இயந்திரத்தின் முகப்பிலிருந்த பெயரும் படத்தில் படிக்கும்படி விழுந்திருந்தது. உரிமையாளருக்கு மனக்குறைதான். 'பெயரே வரவில்லையே' என்று பத்திரிகையை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு காலை முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

குறிப்பில் கொடுத்த தொலைபேசி எண்ணில் வரும் அழைப்புகளை விற்பனைப் பிரிவுக்குப் பதில் பொறியாளரே எடுக்கும்படி ஏற்பாடு செய்திருந்தோம். பொள்ளாச்சியிலிருந்தும் மேட்டுப்பாளையத்திலிருந்தும் மாவுக் கடைக்காரர்கள் அழைத்தார்கள். விலையைவிட அதிகமாக அவர்கள் கேட்டது, மோட்டாருக்கான மின்னணுப் பலகை மின்னழுத்த ஏற்றஇறக்கத்தில் எரிந்துபோனால் மாற்ற எத்தனை நாளாகும், அதுவரை மாவுக்கு என்ன செய்வது என்பதை. அந்தக் கேள்விக்கான பதில் எங்கள் குறிப்பில் இல்லை. நிறுவனத்திடமும் அப்போது தெளிவாக இல்லை. அடுத்த வாரம் மாற்றுப் பலகையை 48 மணி நேரத்துக்குள் கொண்டுவந்து தருவோம் என்ற உறுதியைச் சேவைப் பிரிவிடமிருந்து எழுத்தில் வாங்கி, தொடர் செய்தி எழுத விரும்பிய ஆங்கில நாளிதழ் நிருபருக்கு முதலில் அனுப்பினேன்.