ஒன்பதாவது சர்வர்

சர்வரின் நினைவகத்திலிருந்து ரகசியங்களைக் கசியவிடும் ஹார்ட்பிளீட் ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க நூலகத்தில் இருப்பது 2014 ஏப்ரலில் வெளியானபோது எங்கள் பொறுப்பில் பன்னிரண்டு வெப் சர்வர்கள் இருந்தன. எல்லாம் உபுண்டு 12.04. இரவோடு இரவாக ஒவ்வொன்றிலும் நுழைந்து ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பைப் புதுப்பித்தோம்.

தொகுப்பைப் புதுப்பித்தால் வட்டில் இருக்கும் கோப்புதான் மாறும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரல், நினைவகத்தில் ஏற்றிய பழைய நூலகத்தோடுதான் ஓடும். அதை மறுதொடக்கம் செய்ய வேண்டும். எது விடுபட்டது என்று பார்க்க இப்படித் தேடுவோம்:

```
lsof -n | grep DEL | grep libssl
```

பன்னிரண்டிலும் ஒரு வரிகூட வரவில்லை. நிம்மதியாகப் படுக்கப் போனோம். காலையில் வெளியிலிருந்து சோதித்த சக ஊழியர், "ஒன்பதாவது இன்னும் கசிகிறது, சார்" என்றார். நான் நம்பவில்லை. வெப் சர்வர் நிரலான என்ஜின்எக்ஸ் எப்படிக் கட்டப்பட்டது என்று `nginx -V` கொடுத்துப் பார்த்தால், `--with-openssl=../openssl-1.0.1e` என்று இருந்தது. முந்தைய ஆண்டு யாரோ எஸ்பிடிஒய் நெறிமுறையைச் சோதிக்க அந்த ஒரு சர்வரில் மட்டும் என்ஜின்எக்ஸை மூலநிரலிலிருந்து கையால் கட்டியிருக்கிறார்கள். ஓட்டையுள்ள நூலகம் நிரலுக்குள்ளேயே பிணைந்து கிடந்தது. தொகுப்பைப் புதுப்பித்தது அதைத் தொடவேயில்லை. தனி நூலகக் கோப்பே இல்லாததால் எங்கள் தேடலிலும் சிக்கவில்லை. செய்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். குறிப்பு எதுவும் இல்லை.

ஒரே மாதிரி என்று நாங்கள் நினைத்த பன்னிரண்டும் ஒரே மாதிரி இல்லை. அதன் பிறகுதான் முறையை மாற்றினோம். பேக்கர் கருவியைக் கொண்டு இயங்குதளம், என்ஜின்எக்ஸ், எங்கள் செயலி எல்லாம் அடங்கிய ஓர் இமேஜ் கட்டுவோம். அதிலிருந்து புது சர்வர்களை எழுப்பி, நலச் சோதனையில் தேறியவற்றை லோட் பேலன்சரில் சேர்ப்போம். பழையவற்றை விலக்கி, ஒரு நாள் வைத்திருந்து அழிப்போம். புதியது சொதப்பினால் முந்தைய இமேஜிலிருந்து எழுப்பினால் போதும். ஓடும் சர்வரில் யாரும் கை வைக்கக் கூடாது. அவசரத்துக்கு யாராவது வைத்தாலும் அடுத்த மாற்றத்தில் அது காணாமல் போய்விடும். முதலில் எல்லோருக்கும் எரிச்சல்தான். ஒரு வரி திருத்தத்துக்கும் இமேஜ் கட்ட இருபது நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

காணாமல் போனவற்றில் எங்கள் தவறால் போனதும் ஒன்று உண்டு. முதல் முறை பழைய சர்வர்களை அழித்தபோது, பயனர்கள் பதிவேற்றிய படங்களும் சேர்ந்து போயின. அவை சர்வரின் சொந்த வட்டிலேயே இருந்ததை நாங்கள் மறந்திருந்தோம். காப்புப் பிரதியிலிருந்து பெரும்பாலானவை மீண்டன. பிறகு படங்களைத் தனிச் சேமிப்புக்கும், லாக் பதிவுகளை வேறொரு சர்வருக்கும் மாற்றினோம்.

தரவுத்தள சர்வரை மட்டும் தொடவில்லை. தரவு அதிலேயே இருக்கிறது, அழித்து எழுப்ப முடியாது. அதற்கு இன்றும் பேட்ச்தான், இரவு இரண்டு மணிக்கு, இரண்டு பேர் கண்விழித்து.